பொண்ட், நோட்டீஸ், தகுதிகாண் காலம்: வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்க முன் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

நாளைக்கு நியமனக் கடிதத்தைக் கையெழுத்து வைச்சுக் கொண்டு வரட்டாம். பதினொரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். எதை முதல்ல பாக்கிறது?

சம்பளத்தை எப்படியும் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடுத்ததாக, இத்தனை காலம் வேலை செய்வேன், இடையில் விலகினால் இவ்வளவு காசு கட்டுவேன் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் பொண்ட் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று தேடுங்கள். தொகையைவிட அந்தத் தேதிதான் பெரிய விசயம்.

தகுதிகாண் காலம், நோட்டீஸ், பொண்ட், விலகிய பின் போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்ற தடை ஆகிய நாலும் வேறு வேறு பக்கங்களில் இருக்கும். வாசிப்பவர் நாலையும் தனித்தனியாக வாசித்து, ஒவ்வொன்றும் பரவாயில்லை என்று நினைத்துவிடுகிறார். ஆனால் இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கடிதத்தைப் பிரதி எடுத்து, இந்த நாலு பந்திகளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன், இங்கிலீஷ் விளங்கவில்லை என்று பிறகு சொன்னாலும், வைத்த கையெழுத்து பொதுவாக உங்களைக் கட்டும். ஒரு நாள் அவகாசம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே உதாரணத்தை வைத்துப் பேசுகிறேன். யாழ்ப்பாண நகரில் இருக்கும் ஒரு மென்பொருள் கம்பெனி. மொத்தச் சம்பளம் 60,000 ரூபாய், அதில் அடிப்படை 45,000. தகுதிகாண் காலம் ஆறு மாதம், தேவைப்பட்டால் நீட்டலாம். ஆறு வாரப் பயிற்சி. இரண்டு வருட பொண்ட், மீறினால் 500,000 ரூபாய், ஒரு பிணையாளி. நோட்டீஸ் ஊழியர் தருவதானால் மூன்று மாதம், கம்பெனி தருவதானால் ஒரு மாதம். விலகினால் ஒரு வருடத்துக்கு வடக்கு மாகாணத்தில் இதே துறையில் வேலை செய்யக்கூடாது. இது நான் கட்டிய உதாரணம்தான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வரியும் நம்மூர்க் கடிதங்களில் வழக்கமாக வருவது.

ரெண்டு வருசம் எண்டா ரெண்டு வருசம்தானே? தொடங்கிற தேதியால என்ன வந்திடப் போகுது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் ஜனவரி 1 அன்று சேர்ந்து, பதினைந்து மாதம் வேலை செய்து, அடுத்த வருடம் மார்ச் 31 அன்று விலகுகிறீர்கள் என்று வையுங்கள். வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ப தொகை குறையும் என்றும் கடிதத்தில் இருக்கிறது. 500,000 ரூபாயை 24 மாதத்தால் பிரித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 20,833 ரூபாய் வருகிறது.

பொண்ட் சேர்ந்த நாளிலிருந்து என்றால் பதினைந்து மாதம் கழிந்துவிட்டது, மிச்சம் ஒன்பது மாதம். கட்டவேண்டியது 187,500 ரூபாய்.

‘வேலை நிரந்தரமாக்கப்பட்ட நாளிலிருந்து’ என்று இருந்தால் பொண்ட் ஜூலை 1 அன்றுதான் தொடங்குகிறது. நீங்கள் உழைத்த முதல் ஆறு மாதம் கணக்கிலேயே வராது. மிச்சம் பதினைந்து மாதம், அதாவது 312,500 ரூபாய்.

இனி, கம்பெனி உங்கள் தகுதிகாண் காலத்தை இன்னொரு ஆறு மாதம் நீட்டியிருந்தால்? பொண்ட் இரண்டாவது வருட ஜனவரியில்தான் ஆரம்பம். பதினைந்து மாதம் உழைத்தும் மூன்று மாதம்தான் கழிந்திருக்கும். கட்டவேண்டியது 437,500 ரூபாய்.

அதே கடிதம், அதே தொகை, அதே உழைப்பு. இரண்டரை லட்சம் வித்தியாசம் ஒரு சொற்றொடரில் நிற்கிறது. தகுதிகாண் பந்தியில் உள்ள ‘நீட்டலாம்’ என்ற சொல்லை பொண்ட் பந்தியோடு சேர்த்து வாசியுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். மாதத்துக்கு மாதம் குறையும் என்ற வரியே இல்லாத பொண்ட்களும் உண்டு. அதில் இருபத்துமூன்றாவது மாதத்தில் விலகினாலும் எழுத்துப்படி முழு ஐந்து லட்சம்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். பொண்ட் காலத்துக்குள் நோட்டீஸ் கொடுக்க முடியாது என்று எழுதியிருந்தால், 24 மாதம் முடிந்த பிறகுதான் மூன்று மாத நோட்டீஸ் தொடங்கும். உங்கள் இரண்டு வருடம் 27 மாதமாகிவிடும்.

அஞ்சு லட்சம் எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சாச்சு. அப்ப கட்டாயம் முழுசாக் கட்டத்தான் வேணுமோ?

எழுதிய தொகை தானாகவே கடனாகிவிடாது. கம்பெனி அதை வசூலிக்க வேண்டுமென்றால் சிவில் வழக்குப் போட வேண்டும். அந்தத் தொகை கம்பெனிக்கு உண்மையில் ஏற்படக்கூடிய நட்டத்தின் நியாயமான மதிப்பீடா, அல்லது ஊழியரைப் பயமுறுத்தி வைத்திருக்கப் போட்ட தண்டமா என்று நீதிமன்றத்தில் கேள்வி எழும். ஆறு வாரப் பயிற்சிக்கு வெளியிலிருந்து ஆசிரியர் வந்தாரா, பரீட்சைக் கட்டணம் கட்டினார்களா, வெளிநாட்டுக்கு அனுப்பினார்களா? இவற்றுக்குப் பற்றுச்சீட்டு இருந்தால் கம்பெனியின் பக்கம் பலம். பழைய ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருத்தி வேலை காட்டிக் கொடுத்ததைப் பயிற்சி என்று எழுதியிருந்தால் அந்த ஐந்து லட்சத்துக்குக் கணக்குக் காட்டுவது அவர்களுக்குக் கஷ்டம்.

அதற்காக, ‘பொண்ட் எல்லாம் சும்மா, கோட்டில செல்லாது’ என்று சொல்லும் நண்பர்களை நம்பாதீர்கள். நியாயமான தொகையும் உண்மையான பயிற்சியும் இருந்தால் பொண்ட் செல்லும். எழுத்திலான ஒப்பந்தத்தை மீறியதற்கு வழக்குப் போட 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டம் ஆறு வருடம் அவகாசம் தருகிறது. விலகி ஒரு வருடமாகக் கடிதம் ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. அதேவேளை பொண்ட் இருக்கிறது என்பதற்காக உங்களை வந்து வேலை செய் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. பேச்சு எல்லாம் பணத்தைப் பற்றியதுதான்.

கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இந்தத் தொகை எந்தப் பயிற்சிக்கு, என்ன செலவுக்கு? பதில் மின்னஞ்சலில் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் நீங்கள் கேட்ட மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள்.

பிணைக்கு மாமாவைக் கையெழுத்து வைக்கச் சொல்லினம். அரசாங்க வேலை செய்யிற ஆள் வேணுமாம். சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துத்தானே?

இல்லை. சாட்சி கையெழுத்து வைப்பது நீங்கள் கையெழுத்து வைத்ததைக் கண்டேன் என்பதற்கு. பிணையாளி கையெழுத்து வைப்பது நீங்கள் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்பதற்கு. இந்த வித்தியாசம் விளங்காமல் மாமாவோ, பெரியப்பாவோ, படிப்பித்த ஆசிரியரோ சமையலறை மேசையில் வைத்து ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

பிணைப் பத்திரத்தில் இரண்டு இடங்களை விரல் வைத்துத் தேடுங்கள். ஒன்று, ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்ற சொற்கள். முழுத் தொகையையும் மாமா ஒருவரிடமே கேட்கலாம் என்பது அதன் பொருள். மற்றது, பிணையாளி தன் சட்டச் சலுகைகளைக் கைவிடுகிறார் என்ற வரி. பெரும்பாலும் அதற்குள் இரண்டு மூன்று இலத்தீன் சொற்கள் இருக்கும். நமது ரோமன்-டச்சுச் சட்டத்தில் பிணையாளிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. முதலில் உரியவரிடம் அறவிடப் பாருங்கள், அங்கே கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள் என்று அவர் சொல்லலாம். அந்த வரியில் கையெழுத்து வைத்தால் அப்படிச் சொல்லும் உரிமை போய்விடுகிறது. கம்பெனி உங்களைத் தேடாமலேயே நேராக மாமாவின் மேல் வழக்குப் போடலாம்.

கனடாவுக்கோ லண்டனுக்கோ போகும் எண்ணம் இருக்கும் பிள்ளைகள் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும். ஒரு தனியார் கம்பெனியின் பொண்ட் உங்களை விமான நிலையத்தில் மறிக்காது. அப்படி மறிக்க நீதிமன்றக் கட்டளை வேண்டும். நீங்கள் போய்விடுவீர்கள், பிணை வைத்தவர் ஊரிலே இருப்பார், அழைப்பாணை அவருடைய வீட்டுக்கு வரும். ஆகவே பத்திரத்தை அவரிடம் ஒரு நாள் முன்னதாகவே கொடுத்து, தொகையை வாய்விட்டுச் சொல்லி, பிறகு கேளுங்கள். பிணையாளியின் பொறுப்புக்கு ஒரு உச்சத் தொகையும் முடிவுத் தேதியும் எழுதும்படி கம்பெனியிடம் கேட்கலாம். பொண்ட் முடிந்ததும் மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்கி அவர் கையில் கொடுங்கள்.

தகுதிகாண் காலத்துக்குள்ள கம்பெனியே என்னை நிப்பாட்டினா? அப்பவும் பொண்ட் காசு கேப்பினமோ?

கடிதத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. ‘ஊழியர் தானாக விலகினால்’ என்று இருந்தால் கேட்க வழியில்லை. ‘எந்தக் காரணத்தால் வேலை முடிவுக்கு வந்தாலும்’ என்று இருந்தால், அவர்களே நிறுத்திவிட்டும் கேட்க எழுத்தில் இடம் இருக்கிறது. நீதிமன்றம் அதை ஏற்குமா என்பது வேறு கதை. ஆனால் அந்த வாசலை முதலிலேயே மூடிவைப்பது நல்லது. கம்பெனி நிறுத்தினால் பொண்ட் பொருந்தாது என்ற ஒரு வரியைச் சேர்க்கக் கேளுங்கள். நேர்மையான கம்பெனி இதை மறுக்கக் காரணம் இல்லை.

தகுதிகாண் காலத்தில் ஊழியரின் பாதுகாப்பு மெல்லியது. அது ஒரு பரீட்சைக் காலம் என்றே நமது நீதிமன்றங்கள் பார்க்கின்றன. வேலை திருப்தியில்லை என்று நல்லெண்ணத்தோடு நிறுத்தினால் கேள்வி கேட்பது கடினம். கெட்ட நோக்கம் இருந்தது என்று காட்டினால்தான் நிலைமை மாறும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டமும் பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவரைக் காப்பாற்றாது. ஆறு மாதத் தகுதிகாண் காலம் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆறு மாதம் முடிந்தவுடன் தானாக நிரந்தரமாகிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிரந்தரமாக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். நீட்டுவதானால் எத்தனை தரம், அதிகபட்சம் எவ்வளவு, காரணம் எழுத்தில் தரப்படுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

நிரந்தரமாக்கும்வரைக்கும் ஈ.பி.எஃப். இல்லை, லீவும் இல்லை எண்டினம். சரியோ?

சரியில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதல் நாளிலிருந்தே உங்கள் பங்கு 8 சதவீதமும் கம்பெனியின் பங்கு 12 சதவீதமும் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பெனி வேறாக 3 சதவீதம் கட்ட வேண்டும். தகுதிகாண் காலம் இதற்கு விலக்கு அல்ல. கடை, காரியாலய ஊழியர்களுக்கு முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் என்று அமைய விடுமுறையும் உண்டு.

நான் விலகினா மூண்டு மாதம் நோட்டீஸ், அவை நிப்பாட்டினா ஒரு மாதம். இப்பிடி எழுதலாமோ?

தனியார் துறையில் எல்லாருக்கும் பொதுவாக இவ்வளவுதான் நோட்டீஸ் என்று ஒரு சட்டம் சொல்லவில்லை. கடிதத்தில் உள்ளதுதான் கணக்கு. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு கேட்பதே நியாயம், பல கம்பெனிகள் ஒத்துக்கொள்வதும் உண்டு. மூன்று மாத நோட்டீஸின் உண்மையான வலி அடுத்த வேலை தேடும்போதுதான் தெரியும். மூன்று மாதம் காத்திருக்கப் புதுக் கம்பெனிகள் எல்லாம் சம்மதிப்பதில்லை.

நோட்டீஸுக்குப் பதிலாகக் காசு கட்டலாம் என்று இருந்தால், அது அடிப்படைச் சம்பளமா மொத்தச் சம்பளமா என்று பாருங்கள். நமது உதாரணத்தில் அடிப்படை என்றால் 135,000, மொத்தம் என்றால் 180,000. ஊழியர் விரும்பினால் கட்டலாமா, அல்லது கம்பெனி சம்மதித்தால் மட்டும்தானா என்பதையும் பாருங்கள். மிச்ச லீவை நோட்டீஸில் கழிக்கலாமா என்பதும் அந்தப் பந்தியிலேயே இருக்கும்.

கம்பெனி பக்கத்து ஒரு மாத நோட்டீஸைக் கண்டு, நினைத்த நேரம் நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு விசயம். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், 180 நாள் கடந்த நிரந்தர ஊழியரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்த அந்த 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியரின் எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் தந்தால் மட்டும் போதாது. இதனால்தான் ‘நீயே றிசைன் கடிதம் எழுதித் தா’ என்று கேட்கிறார்கள். அப்படி எழுதிக் கொடுத்தால் அது உங்கள் சம்மதமாகிவிடும். பொண்ட் இருப்பவருக்கு அது இரட்டை அடி, ஏனென்றால் எழுத்தில் பார்த்தால் விலகியது நீங்கள்.

விலகினா ஒரு வருசத்துக்கு வடக்கு மாகாணத்தில இந்த வேலையே செய்யேலாதாம். அப்ப கொழும்புக்குத்தான் போகவேணுமோ?

ஒருவர் தன் தொழிலால் பிழைப்பதைத் தடுக்கும் வரியை நீதிமன்றங்கள் அப்படியே ஏற்பதில்லை. பாதுகாக்க வேண்டிய உண்மையான நலன் கம்பெனிக்கு இருக்கிறதா, காலமும் இடமும் வேலையின் வகையும் அதற்குத் தேவையான அளவைத் தாண்டாமல் இருக்கின்றனவா என்று பார்க்கும். வாடிக்கையாளர் எல்லாரும் வெளிநாட்டில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, நேற்றுப் படித்து முடித்த ஒரு பிள்ளை யாழ்ப்பாணத்தில் வேறு இடத்தில் வேலை செய்வதால் என்ன நட்டம்? அதைக் காட்டுவது அவர்களுக்குச் சிரமம். எல்லா வாடிக்கையாளரையும் விலைகளையும் அறிந்த முகாமையாளரின் கதை வேறு.

இதோடு சேர்ந்து வரும் வேறு இரண்டு வரிகளை அலட்சியம் செய்யாதீர்கள். கம்பெனியின் இரகசியங்களை வெளியிடாதிருப்பதும், அதன் வாடிக்கையாளரையும் ஊழியரையும் இழுத்துக்கொண்டு போகாதிருப்பதும் நியாயமான அளவில் எழுதப்பட்டிருந்தால் நிற்கக்கூடியவை. பழைய மடிக்கணினியிலிருந்து கோப்புகளை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டு விலகினால் உங்கள் பக்கம் பேச ஆள் இருக்காது.

மாற்றிக் கேட்பதானால் மாகாணத் தடையை எடுத்துவிட்டு, ‘விலகிய பின் ஆறு மாதத்துக்கு, நான் நேரடியாக வேலை செய்த வாடிக்கையாளருக்கு’ என்று சுருக்கச் சொல்லுங்கள். அது இரு பக்கத்துக்கும் பொருந்தும்.

பொண்டுக்காகக் கடைசிச் சம்பளத்தைப் பிடிச்சு வைக்கலாமோ? ஒறிஜினல் சேட்டிபிக்கேற்றும் கேக்கினம்.

சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. விரும்பியபடி பிடிக்க முடியாது. ஆனால் ‘எனக்கு வரவேண்டிய எந்தப் பணத்திலிருந்தும் கழிக்கச் சம்மதிக்கிறேன்’ என்ற வரியைப் பொண்டிலேயே நுழைத்துவிடுவார்கள். அதை வெட்டக் கேளுங்கள். சேமலாப நிதியில் போன பணம் கம்பெனியின் கையில் இல்லை, அதில் அவர்கள் கை வைக்க முடியாது.

சான்றிதழ்களின் மூலப் பிரதிகளைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். உறுதிப்படுத்திய பிரதி போதும். தொகையும் தேதியும் இல்லாத கையெழுத்திட்ட காசோலை கேட்டால் கொடுக்கவே வேண்டாம். அது வங்கியில் திரும்பினால் சிவில் பிரச்சினை பொலிஸ் பிரச்சினையாகலாம்.

இதெல்லாம் கேட்டா ‘வேற ஆளைப் பாக்கிறம்’ எண்டு சொல்லிடுவினம். எப்பிடிக் கேக்கிறது?

எல்லாவற்றையும் ஒரே நேரம் கேட்டால் அப்படி ஆகலாம். பொண்ட் தேதி, மாதத்துக்கு மாதம் குறைதல், கம்பெனி நிறுத்தினால் பொண்ட் இல்லை என்ற மூன்றை மட்டும் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம். மின்னஞ்சல் இப்படி இருந்தால் போதும். இங்கிலீஷில் எழுதினாலும் பொருள் இதுதான்:

‘நியமனக் கடிதத்துக்கு நன்றி. வேலையில் சேர விரும்புகிறேன். கையெழுத்திட முன் பொண்ட் பந்தியில் மூன்று விடயங்களைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். 24 மாதம் நான் சேரும் நாளிலிருந்து கணக்கிடப்படும் என்றும், பூர்த்தியான ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை 24இல் ஒரு பங்கு குறையும் என்றும், கம்பெனி என் வேலையை முடிவுறுத்தினால் தொகை அறவிடப்படாது என்றும் எழுத்தில் சேர்த்துத் தர முடியுமா?’

ஆளணிப் பிரிவு அதிகாரி வாயால் ‘ஓம், அப்பிடித்தான்’ என்று சொன்னால், அன்றைக்கே அதை ஒரு மின்னஞ்சலில் எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். திருத்தம் கையால் எழுதப்பட்டால் இரண்டு பக்கமும் அந்த இடத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் இரு பக்கக் கையெழுத்தும் உள்ள பிரதி ஒன்றை அன்றே வாங்குங்கள். பிரச்சினை வந்தபின் கம்பெனியிடம் பிரதி கேட்டு அலைகிறவர்கள் நிறையப் பேர்.

கையெழுத்து வைச்சு முடிஞ்சுது, இப்ப பிரச்சினை. யாரிட்டைப் போறது?

சேமலாப நிதி, சம்பளம், லீவு என்றால் யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்கள அலுவலகம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தால் தொழில் நியாயசபை. நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பேச்சுவார்த்தை நடக்கிறது என்று நாளைக் கடத்தாதீர்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதற்கு மாறாகவும் நிவாரணம் வழங்கும் அதிகாரம் கைத்தொழில் பிணக்குகள் சட்டப்படி அந்தச் சபைக்கு உண்டு.

பொண்ட் காசு கேட்டுச் சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வந்தால் அது வேறு பாதை. பதில் எழுதாமல் விடாதீர்கள், பயத்தில் ஒத்துக்கொண்டு தவணை முறையில் கட்டுகிறேன் என்றும் எழுதாதீர்கள். அப்படி எழுதினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். கடிதம், பொண்ட், பிணைப் பத்திரம், சம்பளச் சிட்டைகள், பயிற்சி பற்றிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையம் இருக்கிறது. பிணை வைத்தவருக்கும் அதே கடிதம் வந்திருக்கும், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.